பேக்கரியில் மறைகேமரா பிராங்க் எடுக்க அனுமதி கேட்கிறார்கள்: படத்தில் வரும் வாடிக்கையாளரின் சம்மதத்தை எப்போது, எப்படி வாங்குவார்கள்?

முத்தியால்பேட்டை பேக்கரி

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் நேரு வீதியை ஒட்டிய ஒரு தெருவில் சிறிய பேக்கரி நடத்தி வருகிறேன். சென்ற வாரம் இணையத்தில் பிராங்க் நிகழ்ச்சி நடத்தும் குழுவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் வந்து, ஒரு நாள் முழுவதும் கடையில் மறைகேமரா வைத்துப் படம் பிடிக்க அனுமதி கேட்டார்கள். வாடகை தருவதாகவும், கடையின் பெயர் படத்தில் தெரியும் என்பதால் விளம்பரமும் கிடைக்கும் என்றும் சொன்னார்கள்.

அவர்கள் திட்டம் இது: உணவுப் பாதுகாப்பு அதிகாரியைப் போல் உடையணிந்த ஒருவர் உள்ளே வந்து, பப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரிடம், "இதைச் சாப்பிட்டுவிட்டீர்களா? இனி கடையை விட்டு வெளியே போகக் கூடாது" என்று மிரட்டுவார். வாடிக்கையாளர் பதறிய பிறகு கேமராவைக் காட்டிச் சிரிப்பார்கள். வாடிக்கையாளரின் சம்மதத்தைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் முடிந்தபின் கையெழுத்து வாங்கிவிடுவோம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

முடிந்தபின் வாங்கும் கையெழுத்து செல்லுமா? தொலைக்காட்சிகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்? நாளை ஒருவர் வழக்குப் போட்டால் கடைக்காரனாகிய நானும் அதில் மாட்டிக்கொள்வேனா? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சட்டம் பயிலும் மாணவன்

ஐயா, நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. பேக்கரி என்பது பொதுமக்கள் வந்து போகும் இடம், அத்தகைய இடத்தில் யாரையும் படம் பிடிக்கலாம், தனிப்பட்ட அனுமதி வேண்டியதில்லை. இடத்தின் உரிமையாளர் என்ற முறையில் உங்கள் அனுமதி இருந்தால் போதும். வாசலில் "இங்கே படப்பிடிப்பு நடைபெறுகிறது" என்று ஒரு பலகை வைத்துவிட்டால் உள்ளே வருபவர்கள் எல்லோரும் சம்மதித்ததாகவே கொள்ளப்படும். கையெழுத்தும் வாங்கிவிட்டால் பிறகு யாரும் மறுத்துப் பேச முடியாது. 2006இல் வெளியான 'போரட்' என்ற அமெரிக்கப் படத்தில் ஏமாற்றப்பட்டு நடித்த ஓட்டுநர் பயிற்சியாளர் ஒருவர் வழக்குத் தொடுத்தபோது, அவர் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார் என்பதைக் காட்டி நியூயார்க் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது.

லாஸ்பேட்டை பழைய யூனிட்

சென்னையில் ஒரு மறைகேமரா நிகழ்ச்சியில் தயாரிப்பு நிர்வாகியாகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இப்போது அந்தத் தொழிலில் இல்லை.

தம்பி சொன்னதில் இடத்தின் உரிமையாளருடைய அனுமதி தேவை என்பது சரி. மற்றவற்றில் பாதிதான் சரி. முதலில் பலகையை எடுத்துக்கொள்வோம். வாசலில் பலகை வைத்தால் மறைகேமராவே மறைகேமராவாக இருக்காது. அதனால்தான் எந்தக் குழுவும் அதை மாட்டின் பார்வையில் படும்படி வைப்பதில்லை. (யாரை ஏமாற்றப் போகிறோமோ அவரை எங்கள் யூனிட்டில் 'மாடு' என்றுதான் அழைப்பார்கள். மரியாதையில்லாத சொல்தான், இருந்தாலும் அதுதான் வழக்கம்.) பலகையைப் படிக்காத ஒருவரிடம் போய், நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது?

அடுத்து, முடிந்தபின் வாங்கும் கையெழுத்து. உலகம் முழுவதும் இதுதான் நடைமுறை. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் ஆலன் ஃபன்ட் 'கேண்டிட் கேமரா'வைத் தொடங்கிய காலத்திலிருந்தே முதலில் படம்பிடிப்பு, பிறகு உண்மையை உடைத்தல், பிறகு கையெழுத்து என்பதுதான் வரிசை. ஆனால் அந்தக் கையெழுத்து எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். படம் பிடித்தாகிவிட்டது, அதற்கு யாரும் அனுமதி தரவில்லை. படிவம் கேட்பது, பிடித்த படத்தை வெளியிடலாமா என்ற அனுமதியை மட்டுமே. பிடிக்கும் நேரத்தில் நீங்கள் அவரைப் பயமுறுத்தியிருந்தாலோ, அடைத்து வைத்திருந்தாலோ, தொட்டிருந்தாலோ, பிறகு வாங்கும் எந்தத் தாளும் அதை இல்லாமல் ஆக்கிவிடாது.

ஆகவே தேர்ந்த யூனிட் வேலையைப் பின்னாலிருந்து முன்னால் யோசிக்கும். கேமராவைக் காட்டிய அடுத்த நிமிடத்தில் இந்த மனிதர் சிரித்துக்கொண்டே பேனாவை வாங்குவாரா என்பதுதான் முதல் கேள்வி. காட்சி, நடிகர், மேசை, கேமரா எல்லாம் அதற்குப் பிறகுதான் முடிவாகும். உங்களிடம் வந்த இளைஞர்கள் சொன்ன திட்டம் அந்த முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. சாப்பிட்டதில் ஏதோ கலந்திருக்கிறது என்று பத்து நிமிடம் நம்பியவர் மனதில் சிரிப்பு வராது, கோபம்தான் வரும். அதோடு அரசு ஊழியர்போல் நடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 204ஆம் பிரிவின்கீழ்த் தனிக் குற்றம். வெளியே போகக் கூடாது என்று தடுப்பது இன்னொன்று. இவை இரண்டும் உங்கள் கடைக்குள், உங்கள் அனுமதியோடு நடக்கும். மேலும், அந்தப் பப்ஸ் உங்கள் பப்ஸ். விளம்பரம் கிடைக்கும் என்றார்களே, எப்படிப்பட்ட விளம்பரம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். 2001இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு சிறிய விமான நிலையத்தில், 'கேண்டிட் கேமரா' குழு பாதுகாப்புச் சோதனையை வைத்து ஒரு காட்சி அமைத்தது. ஃபன்டின் மகனே பாதுகாப்பு ஊழியராக நடித்து, பைகள் போகும் எக்ஸ்ரே பட்டையின்மேல் படுத்துக்கொள்ளுமாறு பயணிகளிடம் சொன்னார். ஒரு பயணி அதை நம்பிப் படுத்தார், காயமடைந்தார். நீதிமன்றம் அவருக்கு லட்சக்கணக்கான டாலர் இழப்பீடு தரச் சொன்னது. அதிகாரத்தைக் காட்டிச் சொல்வதை மக்கள் மறுக்கமாட்டார்கள். அதனால்தான் சீருடை வைத்த காட்சி எழுதுவதற்கு எளிது, ஆபத்தும் அதில்தான் அதிகம். நம் ஊர்ச் சிவப்புத் தொப்பிப் போலீஸ் உடையைப் போட்டு ஒரு காட்சி எடுக்கலாம் என்று எங்கள் இயக்குநர் ஒருவரும் ஆசைப்பட்டதுண்டு. நல்லவேளை, அது நடக்கவில்லை.

திருப்பாப்புலியூர் செல்போன் கடை

என் கடையில் நான்கு சிசிடிவி கேமரா வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை. இப்போது அதற்கும் படிவம் வாங்க வேண்டுமா? பழைய பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதையும் யாராவது சொன்னால் நன்றாயிருக்கும்.

லாஸ்பேட்டை பழைய யூனிட்

உங்கள் கேள்வி வேறு, ஐயா. நீங்கள் திருட்டைத் தடுக்கப் பார்க்கிறீர்கள், வெளியிடுவதில்லை. ஆனால் பிராங்க் குழுவுக்கு உங்கள் சிசிடிவி பதிவைக் கொடுக்காதீர்கள். கூடுதல் கோணம் வேண்டுமென்றால் சிலர் கடைக்காரரிடம் அதைத்தான் கேட்பார்கள். அந்த நொடியிலிருந்து நீங்களும் வெளியிடுபவராகிவிடுவீர்கள்.

மஞ்சக்குப்பம் வாசகி

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் மாலையில் நடந்துகொண்டிருந்தபோது, ஓர் இளைஞன் அவரிடம் வந்து, "உங்கள் மகன் என்னிடம் கடன் வாங்கியிருக்கிறான்" என்று தகராறு செய்திருக்கிறான். அம்மா அழும் நிலைக்குப் போன பிறகு, "சும்மா விளையாட்டு, அதோ கேமரா" என்று சிரித்திருக்கிறார்கள். பிறகு மோட்டார் சைக்கிள் இருக்கையின்மேல் ஒரு தாளை வைத்து, "டிவியில் வருவீர்கள் அம்மா, இங்கே ஒரு கையெழுத்து" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தாள் முழுவதும் ஆங்கிலம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். கையில் ஒரு நகல்கூடத் தரவில்லை.

வீடியோ வெளிவந்தபோது அம்மாவை இழிவுபடுத்தும் ஒரு தலைப்பும், அவர் முகம் கோணிய ஒரு நொடியை நிறுத்திப் பெரிதாக்கிய முகப்புப் படமும் வைத்திருந்தார்கள். கீழே வந்த கருத்துகளை நான் இங்கே எழுத விரும்பவில்லை. கேட்டால், "கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்கிறார்கள். மாணவத் தம்பி சொல்வதுபோல இதை மறுத்துப் பேசவே முடியாதா?

லாஸ்பேட்டை பழைய யூனிட்

அம்மா, தாராளமாக மறுத்துப் பேசலாம். தம்பி காட்டிய அமெரிக்கத் தீர்ப்பு, படப்பிடிப்புக்கு முன்பே, தமக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருந்த படிவத்தைப் பெற்றுக் கையெழுத்திட்டவரைப் பற்றியது. 'ஆவணப்பட பாணியிலான படம்' என்று அந்தப் படிவத்திலேயே எழுதியிருந்தது. நம் ஊரில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. ஏமாற்றியோ, தவறான தகவல் சொல்லியோ பெற்ற சம்மதத்தின் மேல் எழுந்த ஒப்பந்தத்தை, ஏமாற்றப்பட்டவர் விரும்பினால் செல்லாததாக்கிக்கொள்ளலாம் என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. "டிவியில் வருவீர்கள்" என்று சொல்லி யூடியூபில் போட்டது எந்த வகை என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. யூடியூபில் தனியுரிமைப் புகார் என்று தனியாக ஒரு வழி இருக்கிறது. அதைப் படத்தில் இருப்பவரே கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கணினி வசதி இல்லாதவர்களுக்காக மற்றவர் கொடுக்கவும் இடமிருக்கிறது. புகாரை ஏற்றுக்கொண்டால், வீடியோ போட்டவருக்கு அதைச் சரிசெய்ய 48 மணி நேரம் தருவார்கள். வீடியோ போட்டவர் தானாக எடுக்காவிட்டால் யூடியூப் நிர்வாகம் பார்த்து முடிவு செய்யும். அம்மாவின் முகம் தெரியும் நிமிடம், நொடி ஆகியவற்றைக் குறித்து அனுப்புங்கள்.

இனி, ஒழுங்காகக் கையெழுத்து வாங்குவது எப்படி என்பதைச் சொல்கிறேன், பேக்கரி ஐயாவுக்கும் பயன்படும். எங்கள் யூனிட்டில் காட்சியில் நடித்தவர் ஒருபோதும் படிவத்தை நீட்டமாட்டார். ஏமாற்றிய ஆளே பேனாவையும் நீட்டினால், எதிரே இருப்பவர் கோபத்திலோ கூச்சத்திலோ கையெழுத்திடுவாரே தவிர யோசித்து இடமாட்டார். அதற்கென்று ஒருவர் தனியாக இருப்பார், பெரும்பாலும் ஒரு பெண். உண்மையை உடைத்ததும் அவர் வந்து நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முதலில் மானிட்டரில் அந்தக் காட்சியைப் போட்டுக்காட்டுவார். தன்னைத் தானே பார்த்துச் சிரிப்பவர் கையெழுத்திடுவார். பார்த்துவிட்டு முகம் சுண்டிப்போனவரிடம் அந்த அம்மா படிவத்தையே எடுக்கமாட்டார், நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்.

படிவம் தமிழில் ஒரே பக்கம். எந்த நிகழ்ச்சி, எந்தெந்த ஊடகம், விளம்பரத்துக்கும் பயன்படுத்துவார்களா, முகப்புப் படமாகவும் தலைப்பிலும் வருமா என்பவை தனித்தனி வரிகளாக இருக்கும். எங்கள் காலத்தில் முகப்புப் படம் என்ற பிரச்சினை இல்லை, இப்போது அதுதான் பெரிய பிரச்சினை என்று இந்த அம்மா எழுதியதிலிருந்து தெரிகிறது. கையெழுத்தானதும் அவர் படிவத்தைக் கையில் பிடித்திருக்க ஒரு புகைப்படம் எடுப்போம். படிவ எண்ணையும் டேக் எண்ணையும் ஒரு நோட்டில் குறிப்போம். இது ஏதோ சடங்கு அன்று. எடிட்டிங் அறையில் இரண்டு வாரம் கழித்து ஐம்பது முகங்கள் ஓடும்போது, எந்த முகத்துக்கு எந்தப் பெயர், யார் மறுத்தவர் என்று எடிட்டருக்குத் தெரியாது. மறுத்தவரின் காட்சி தவறுதலாக ஒளிபரப்பாவது பெரும்பாலும் இந்த நோட்டு சரியில்லாததால்தான்.

பதினெட்டு வயதுக்குக் கீழிருப்பவரின் கையெழுத்துக்கு மதிப்பே இல்லை, பெற்றோர் அங்கேயே இருந்து கையெழுத்திட வேண்டும். குடித்திருப்பவரின் கையெழுத்தும் அப்படித்தான். புதுச்சேரியில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: வார இறுதியில் வெளியூரிலிருந்து வருபவர்களை வைத்து எடுக்கலாம் என்று நினைக்கும் யூனிட்டுகள், மாலைக்குமேல் வாங்கிய படிவங்களில் பாதியைக் கிழித்துப் போட நேரிடும்.

வெள்ளை நகரவாசி

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உடையவர்கள் பலர் இருக்கிறோம் என்பதை மறந்துவிட வேண்டாம். பிரான்ஸில் ஒவ்வொருவருக்கும் தம் உருவத்தின்மேல் உரிமை உண்டு, அங்கே குடிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவே தனி வாழ்வுக்கு மதிப்பளிக்கச் சொல்கிறது. என் அனுமதியில்லாமல் யாராவது கடற்கரைச் சாலையில் என்னைப் படம்பிடித்து வெளியிட்டால் பிரெஞ்சுச் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்.

சட்டம் பயிலும் மாணவன்

இந்தியாவில் எடுத்து இந்தியாவில் வெளியிட்டால் இந்தியச் சட்டம்தான் பொருந்தும், ஐயா. உங்கள் குடியுரிமை எதுவாக இருந்தாலும் அதில் மாற்றமில்லை.

அதே சமயம் பேக்கரி ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலியைத் தடைசெய்யச் சொன்ன உத்தரவில், பிராங்க் நிகழ்ச்சிகள் மக்களின் தனியுரிமையை மீறுகின்றன என்றும் கூறியது. எனவே பிராங்க் எடுப்பதே தடைசெய்யப்பட்டது என்பதுதான் என் கருத்து.

வெள்ளை நகரவாசி

இந்தியாவில் வெளியிட்டால் என்கிறீர்கள். யூடியூபில் போட்டதை என் தங்கை லியோனில் உட்கார்ந்து பார்க்கிறாள், அப்போது எங்கே வெளியானது?

லாஸ்பேட்டை பழைய யூனிட்

அது எனக்கு மேற்பட்ட கேள்வி, வழக்கறிஞர்கள் பேசட்டும். மதுரைக் கிளை உத்தரவில் தம்பி சொன்ன கருத்து இருந்தது உண்மைதான். ஆனால் அது டிக்டாக் வழக்கில் பிறந்த இடைக்கால உத்தரவு, டிக்டாக் மீதான தடை அதே மாத இறுதிக்குள் நீங்கிவிட்டது. அந்த ஒரு வரியைக் கொண்டு எல்லா பிராங்கும் குற்றம் என்று சொல்ல முடியுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நீதிமன்றம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க இங்கிலாந்தின் ஒளிபரப்பு விதி தெளிவானது. பொழுதுபோக்குக்காக மறைவாகப் படம் பிடிப்பது அந்த நிகழ்ச்சிக்கு இன்றியமையாததாக இருக்க வேண்டும், ஒருவருக்குக் கடும் மனவேதனையோ அவமானமோ தருவதாக இருக்கக் கூடாது, சம்பந்தப்பட்டவரின் சம்மதமின்றி ஒளிபரப்பக் கூடாது, அடையாளம் தெரியாதபடி செய்திருந்தால் மட்டும் சம்மதம் வேண்டாம். சம்மதம் வாங்குவதற்கு முன்பே, படம்பிடிப்புக்கும் ஓர் எல்லை இருப்பதைக் கவனியுங்கள்.

முத்தியால்பேட்டை பேக்கரி

அனைவருக்கும் நன்றி. அந்த இளைஞர்களிடம் அதிகாரி வேடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வேறொரு திட்டம் கொண்டு வந்தார்கள். மேசையில் ஓட்டை போட்டு, அடியில் ஒருவர் ஒளிந்திருந்து, வாடிக்கையாளர் வேறுபக்கம் திரும்பும்போது தட்டிலிருக்கும் பப்ஸை எடுத்துவிடுவாராம். இது பரவாயில்லையா? கடையில் என்னென்ன மாற்றம் செய்வார்கள் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

லாஸ்பேட்டை பழைய யூனிட்

இது நல்ல திட்டம். காணாமல் போனது ஒரு பப்ஸ், அதைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு தீர்ந்தது, யாருக்கும் அவமானமில்லை. வசனமும் தேவையில்லை. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் எடுக்கப்பட்டு உலகெங்கும் ஓடும் மறைகேமரா நிகழ்ச்சியில் பேச்சே கிடையாது என்பதைப் பார்த்திருப்பீர்கள். பேச்சில்லாவிட்டால் எந்த நாட்டிலும் விற்கலாம் என்பது ஒரு காரணம். திட்டுவதற்கும் மிரட்டுவதற்கும் வாய்ப்புக் குறைவது இன்னொரு நன்மை.

உங்கள் கடையில் எப்படி அமைப்பார்கள் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மேசை உங்களுடையதாக இருக்காது, அவர்களே ஒன்று செய்துகொண்டு வருவார்கள். தட்டு வைக்கும் இடத்தில் ஓட்டை, அதன்மேல் நழுவும் மூடி, தரைவரை தொங்கும் மேசைவிரிப்பு. தட்டிலும் அதே இடத்தில் ஓட்டை இருக்கும், அதை மறைக்க ஒரு தாள். அந்த மேசையில்தான் அவர் உட்கார வேண்டும் என்பதற்காக மற்ற மேசைகளில் யூனிட் ஆட்களே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். இதில் இரட்டை லாபம். வருபவருக்கு வேறு இடமிருக்காது. பின்னணியில் தெரியும் முகங்கள் எல்லாம் சம்பளம் வாங்கியவர்களின் முகங்கள் என்பதால், வேடிக்கை பார்த்தவர்களிடம் படிவம் வாங்கும் வேலையும் மிச்சம்.

கேமரா குறைந்தது மூன்று இருக்கும். ஒன்று முகத்தைப் பார்க்கும். அதை ஒருபுறம் மட்டும் ஊடுருவித் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பார்கள். கண்ணாடிக்குப் பின்புறம் இருட்டாகவும் கடைப்பக்கம் வெளிச்சமாகவும் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆகவே கேமராமேனைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, கேமராவில் எரியும் சிவப்பு விளக்கின்மேல் டேப் ஒட்டிவிடுவார்கள். கண்ணாடி வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்பதால் உங்கள் டியூப்லைட்டுகளை மாற்றிப் பிரகாசமானவை போடுவார்கள். இன்னொரு கேமரா அலமாரியில் பிஸ்கட் டப்பாக்களுக்கு நடுவே, மேசையைப் பார்த்தபடி இருக்கும். மூன்றாவது தெருவில் நிற்கும் வேனிலிருந்து கடைவாசலை எடுக்கும். (கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குமேல் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் அங்கே இந்த மூன்றாவது கோணத்துக்கே திண்டாடுவோம். உங்கள் தெருவில் அந்தத் தொல்லையில்லை.)

கடைக்காரர் கவனிக்க வேண்டியது ஒலி. வாடிக்கையாளரின் சட்டையில் மைக் மாட்ட முடியாது. அதனால் பரிமாறுபவராக நடிப்பவரின் சட்டைக்குள் ஒன்று, மேசையில் டிஷ்யூ பெட்டிக்குள் ஒன்று வைப்பார்கள். டிஷ்யூ பெட்டி மைக்குக்கு முதல் எதிரி உங்கள் கேக் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர், அடுத்தது மின்விசிறி. ஒவ்வொரு டேக்குக்கும் ஃபிரிட்ஜை அணைக்கச் சொல்வார்கள். மறுபடி போட மறந்துவிடுவார்கள். ஒரு கடையில் மாலைக்குள் கிரீம் கேக் அத்தனையும் தளர்ந்து வழிந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் சுவிட்சைத் தொடுவது உங்கள் ஆள் மட்டும்தான் என்றும், வீணான சரக்குக்கு விலை தர வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வாசலில் ஒருவர் நின்று ஆளைத் தேர்ந்தெடுப்பார். முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தையோடு வருபவர், அவசரத்தில் இருப்பவர், அழுத முகத்தோடு வருபவர் ஆகியோரை விட்டுவிட வேண்டும். இருவராக வருபவர்கள்தான் எங்களுக்குப் பிடித்தவர்கள். தனியாக வந்தவர் பப்ஸைக் காணவில்லை என்றால் மனதுக்குள் குழம்பிவிட்டு இன்னொன்று வாங்கிக்கொள்வார், படத்தில் ஒன்றும் தெரியாது. இருவர் வந்தால் ஒருவர் மற்றவரைச் சந்தேகிப்பார், காட்சி தானாக ஓடும். அப்படியும் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர்தான் வெளியிடும் அளவுக்குத் தேறுவார்கள்.

சம்மதிக்காதவர் விஷயத்தில் முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று சொல்வார்கள். உங்கள் கடைக்குத் தினமும் வரும் ஒருவரைக் குரலையும், நடையையும், சட்டையையும் வைத்தே தெருவில் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். சிறிய ஊரில் மங்கலாக்குவது மறைப்பதாகாது. நீக்கிவிடச் சொல்லுங்கள்.

எடிட்டர் ரெட்டியார்பாளையம்

ஐயா சொல்வது தொலைக்காட்சிக் காலத்து ஒழுங்கு. இப்போது இணையத்தில் வருவதில் பெரும்பகுதி ஏற்கெனவே பேசிவைத்து எடுப்பது. நான் எடிட் செய்யும்போது உடனே தெரிந்துவிடும். ஏமாறுபவரின் குரல் நடிகரின் குரலைப்போலவே பக்கத்தில் ஒலித்தால் அவர் சட்டைக்குள்ளும் மைக் இருக்கிறது என்று பொருள். அவர் எங்கே திரும்பப் போகிறாரோ அங்கே கேமரா முன்கூட்டியே காத்திருக்கும். உண்மையில் ஏமாறுபவர் முதல் சில நொடிகள் எதுவும் செய்யாமல் விழிப்பார். அந்த மௌனம் இருக்காது, உடனே வசனம் வரும்.

சம்மதப் பிரச்சினையே வேண்டாம் என்றுதான் பலர் இப்படி எடுக்கிறார்கள். அதனால் யாருக்கும் தீங்கில்லைதானே?

மஞ்சக்குப்பம் வாசகி

தீங்கில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஜனவரியில் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் எடுத்த ஒரு பேட்டி வீடியோவுக்காக யூடியூப் அலைவரிசையைச் சேர்ந்த மூவர் கைதானார்களே, அதில் பேசிய பெண்தான் புகார் கொடுத்தவர். பேசிவைத்துத்தான் எடுத்தார்கள் என்றும், கருத்துப் பகுதியை மூடிவிடுவதாகச் சொல்லிவிட்டு மூடவில்லை என்றும் அவர் தரப்பில் சொல்லப்பட்டதாகச் செய்திகளில் படித்தேன். பேசிவைத்து எடுத்தாலும் எந்த நிபந்தனையின்பேரில் பேசினார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் அல்லவா? என் அம்மாவுக்காகத் தனியுரிமைப் புகாரை நேற்று இரவு அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.

சட்டம் பயிலும் மாணவன்

ஒரு நடைமுறைக் கேள்வி. கையெழுத்திட்டவர் மறுநாள் மனம் மாறினால் என்ன செய்வது? பணமும் வாங்கிக்கொண்டார், படிவமும் தெளிவாக இருக்கிறது, வீடியோவும் வெளியாகிவிட்டது. அப்போதும் எடுத்துவிட வேண்டும் என்றால் எந்தத் தயாரிப்பாளர் முதலீடு செய்வார்?

லாஸ்பேட்டை பழைய யூனிட்

சட்டப்படி எடுக்க வேண்டியதில்லை என்று தயாரிப்பாளர் வாதாடலாம். எங்கள் யூனிட்டில், ஒளிபரப்புக்கு முன் யார் அழைத்து வேண்டாம் என்றாலும் நீக்கிவிடுவோம். கையில் வேறு காட்சி இருக்கும், ஒருவருக்காகச் சண்டை போடுவது வீண். ஒளிபரப்பான பிறகு அழைத்தவர்களிடம் நீக்க மறுத்ததும் உண்டு. தொலைக்காட்சியில் ஒருமுறை ஓடி முடிந்துவிடும் என்பதால் அது அப்போது சாதாரணமாக இருந்தது. இணையத்தில் என்றென்றைக்கும் கிடக்கும்போது அதே பதில் சரியா என்பதில் எனக்கே உறுதியில்லை.

முத்தியால்பேட்டை பேக்கரி

நேற்று அந்தக் குழுவோடு பேசினேன். தமிழில் படிவம், படத்தைப் போட்டுக்காட்டிய பிறகே கையெழுத்து, கையெழுத்திட்டவருக்கு ஒரு நகல், மறுத்தவரின் காட்சியை அன்று மாலையே என் முன்னால் அழிப்பது, ஃபிரிட்ஜ் சுவிட்ச் என் ஆள் கையில் என்று எழுதிக் கொடுத்தேன். முகப்புப் படத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள். எந்த நொடியை முகப்பாக வைப்பது என்பது எடிட்டிங்கில்தான் முடிவாகும், முன்கூட்டி யாரிடமும் காட்ட முடியாது என்கிறார்கள். வாடிக்கையாளரின் கைபேசி எண்ணை வாங்கி, வெளியிடும் முன் முகப்புப் படத்தை அனுப்பி ஒப்புதல் பெறலாமே என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் கடையைத் தருவதாக இல்லை.

இப்படிக் கைபேசியில் வரும் "சரி" என்ற பதில் கையெழுத்துக்கு ஈடாகுமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

எடிட்டர் ரெட்டியார்பாளையம்

எழுத்தில் இருப்பதால் சான்றாகக் காட்டலாம், ஐயா. எந்தப் படத்துக்கு "சரி" சொன்னார் என்பது தெரிய வேண்டும். ஆகவே படத்தையும் பதிலையும் ஒரே திரையில் வரும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படிவ எண்ணின் பெயரிலேயே சேமித்துவைக்கச் சொல்லுங்கள்.